ஆட்குறைப்பு நோட்டீஸும் அங்கத்தினர் பொறுப்பும்

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, வெளியூரில் நடத்திவந்த தன் விற்பனை டிப்போவை மூடுவதென்று அண்மையில் தீர்மானித்தது. டிப்போவின் விற்பனை மூன்று ஆண்டுகளாக அதன் வாடகைக்கும் சம்பளத்துக்கும் எட்டவில்லை. மூடுவது சரிதானா என்பது குறித்து இங்கு நான் விவாதிக்கப் போவதில்லை. கணக்கைப் பார்த்தவர் எவரும் அதைக் குறை கூற மாட்டார். தீர்மானத்துக்குப் பிறகு சிப்பந்திகளுக்கு என்ன எழுதுவது என்ற கேள்வி எழுந்தபோது நடந்தவற்றையே அங்கத்தினர்களின் யோசனைக்கு வைக்க விரும்புகிறேன்.

தீர்மானம் நிறைவேறிய அன்று மாலையே சங்க மேலாளர் கைப்பேசியில் எனக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார். அவருடைய சம்மதத்துடன் அதை அப்படியே தருகிறேன்.

“சார், டிப்போ மூடறது முடிவாயிடுச்சு. அங்க இருக்கிற ரெண்டு பேரையும் நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடலாம். நஷ்டத்துக்கு அவங்களும் ஒரு காரணம். செட்டில்மெண்ட் ஆடிட் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம். சாவி, ஸ்டாக் நாளைக்கே ஒப்படைக்கணும். யாரும் ஆபீசுக்கு வந்து பேச வேணாம். இதையே கொஞ்சம் நல்ல லெட்டரா மாத்திக் குடுங்க.”

மேலாளர் கொடியவர் அல்லர். தறிக்காரர் வீட்டுத் துக்கத்துக்கும் திருமணத்துக்கும் முதல் ஆளாய்ச் சென்று நிற்பவர். கூட்டம் முடிந்த களைப்பில், பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில், மனத்தில் பட்டதை விரலால் தட்டி அனுப்பிவிட்டார். எனினும் அச்செய்தியின் கடைசி வாக்கியத்தில்தான் தவறு தொடங்குகிறது. “இதையே நல்ல கடிதமாக மாற்று” என்று அவர் கேட்டார். கடுஞ்சொற்களை எடுத்துவிட்டு இன்சொற்களைப் போட்டால் போதும் என்பது அவர் எண்ணம். நானும் முதலில் அவ்வாறே கருதி, அன்றிரவு எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, செய்தியின் ஒவ்வொரு வாக்கியத்திலும் சொற்குற்றத்துக்குக் கீழே பொருட்குற்றம் ஒன்று இருப்பது புலப்பட்டது. சாயம் பிடிக்காத நூலுக்குக் காரணம் கஞ்சியில் இல்லை என்பதைப் போல, இந்த வாசகத்தின் குறைக்கும் காரணம் சொற்களில் இல்லை.

இத்தகைய பிழை சிறு சங்கங்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2022 மார்ச் 17 ஆம் தேதி, இங்கிலாந்தின் பி அண்டு ஓ கப்பல் கம்பெனி, ஏறத்தாழ 800 மாலுமிகளுக்கு முன்பே பதிவு செய்த ஒரு வீடியோச் செய்தி மூலம் அன்றே வேலை போயிற்று என்று அறிவித்தது. தொழிற்சங்கத்துடன் முன்கூட்டிக் கலந்து பேசவேண்டும் என்ற சட்டக் கடமையை அறிந்தே மீறியதாக அதன் தலைமை நிர்வாகி, ஒரு வாரம் கழித்துப் பாராளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 2014 ஜூலை 17 இல் மைக்ரோசாப்ட் கம்பெனி, தான் வாங்கியிருந்த நோக்கியா கைப்பேசிப் பிரிவில் 12,500 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அப்பிரிவின் தலைவர் ஸ்டீபன் ஈலப் சிப்பந்திகளுக்கு எழுதிய நீண்ட கடிதம் நலம் விசாரிக்கும் தோரணையில் தொடங்கி, சந்தை, நோக்கம், புதிய கைப்பேசிகள் என்று பத்தி பத்தியாகச் சென்று, வேலை போகும் செய்தியைப் பின்னால் வெகு தூரத்தில் வைத்திருந்தது. நம் காஞ்சிபுரத்திலிருந்து சென்னை செல்லும் சாலையில் ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நோக்கியா ஆலை, வரி வழக்கின் காரணமாக அந்த விற்பனையில் சேராமல் நின்று, அதே ஆண்டு நவம்பர் 1 ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது என்பதை நம் பக்கத்து இளைஞர் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒன்று அறைந்து சொல்வது. மற்றொன்று மறைத்துச் சொல்வது. இரண்டிலும் பெறுபவருக்கு வேண்டிய விவரம் கிடைப்பதில்லை. மேலாளரின் செய்தி முதல் வகையைச் சேர்ந்தது. “நல்ல கடிதம்” என்று அவர் கேட்டதை யோசனையின்றி எழுதியிருந்தால் அது இரண்டாம் வகையில் போய் விழுந்திருக்கும்.

இனி, செய்தியின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

“நஷ்டத்துக்கு அவங்களும் ஒரு காரணம்” என்பது முதலாவது. ஆட்குறைப்பு என்பது தண்டனை அல்ல. வேலைக்கு ஆள் அதிகப்பட்டுவிட்டது என்ற காரணத்தால் ஒருவரை விடுவிப்பதே ஆட்குறைப்பு. ஒருவர் குற்றம் செய்தார் எனில் குற்றச்சாட்டுக் குறிப்புக் கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை நடத்த வேண்டும். அது வேறு வழி. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் ஆட்குறைப்பும் கெடும், விசாரணையும் கெடும். நான் மேலாளரிடம் கேட்டேன்: “அவர்கள்மீது குற்றச்சாட்டு ஏதேனும் உண்டா? இருப்பில் குறைவு உண்டா?” அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இல்லை, வாடிக்கை குறைந்துபோன ஆத்திரத்தில் எழுதிவிட்டேன்” என்றார். அவ்வளவில் அந்த வாக்கியம் விழுந்தது.

“அங்க இருக்கிற ரெண்டு பேரையும்” என்பதே மிகவும் முக்கியமான இடம். நோட்டீஸில் காரணத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே, “டிப்போ மூடப்படுவதால் ஒரு பணியிடம் குறைகிறது, அதற்குத் தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட காரணம் யாதெனில்” என்று எழுதத் தொடங்கினேன். பேனா அங்கே நின்றுவிட்டது. அந்தக் காரணம் எனக்குத் தெரியவில்லை. டிப்போவில் உட்கார்ந்திருந்தார் என்பது காரணம் ஆகுமா?

மறுநாள் பணிப் பதிவேடுகளைக் கொண்டுவரச் செய்து பார்த்தோம். டிப்போவில் இருந்தவர்கள், பட்டியல் போட்டு இருப்புக் கணக்கு எழுதும் எழுத்தர் ஒருவர், சேலைகளைப் பிரித்துக் காட்டி மடித்து வைக்கும் உதவியாளர் ஒருவர். எழுத்தருக்குப் பதினான்கு ஆண்டுப் பணி. சங்கத் தலைமையகத்தில் எழுத்தர்கள் மூவர். அவர்களில் கடைசியாகச் சேர்ந்தவருக்கு ஆறு ஆண்டு எட்டு மாதப் பணிதான். நால்வருக்கும் பணிமூப்புப் பட்டியல் ஒன்றே. சங்கத்தின் எந்த அலுவலகத்துக்கும் மாற்றப்படலாம் என்று நால்வரின் நியமன உத்தரவிலும் எழுதியிருந்தது. உதவியாளரைப் பொறுத்தவரை, தலைமையகத்து உதவியாளர் ஒருவர் இரண்டு மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்று, அவ்விடம் நிரப்பப்படாமலே கிடந்தது. மேலாளர் அதை மறந்திருந்தார்.

சட்டத்தின் விதி யாதெனில், ஒரே வகுப்பைச் சேர்ந்த சிப்பந்திகளில் கடைசியாகச் சேர்ந்தவரே சாதாரணமாக முதலில் விடுவிக்கப்பட வேண்டும். வேறு ஒருவரை விடுவிப்பதானால் அதற்குரிய காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 1947 ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அவ்வாறே உள்ளது. டிப்போ தனிக் கணக்கும் தனிச் சிப்பந்தி வரிசையும் உடைய தனி நிறுவனமாக நடந்திருந்தால், அதை மூடுவது வேறு பிரிவில் சேரும். அப்போது இப்பணிமூப்பு விதி பொருந்தாது. ஆனால் இங்கு கணக்கு ஒன்று, வரிசை ஒன்று, மாற்றமும் உண்டு. ஆதலின் இது ஆட்குறைப்பே.

இதன் விளைவை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். இருவர் என்று தொடங்கிய கணக்கு ஒருவராகக் குறைந்தது. அந்த ஒருவரும் மேலாளர் நினைத்த ஆள் அல்லர். டிப்போ எழுத்தர் தலைமையகத்துக்கு வரவேண்டும்; உதவியாளர் காலியிடத்தில் சேர வேண்டும்; தலைமையகத்துக் கடைசி எழுத்தரான ஓர் இளம்பெண், தனக்கு ஆபத்து ஒன்றுமில்லை என்று எண்ணியிருந்தவர், போகவேண்டும். அவருடைய தந்தை இச்சங்கத்திலேயே பாவு வாங்கி நெய்யும் அங்கத்தினர்.

இவ்விஷயம் நிர்வாகக் குழுவில் வந்தபோது ஓர் அங்கத்தினர், “நம் தெருப் பெண்ணை அனுப்பிவிட்டு வெளியூரில் இருந்தவரை உள்ளே கொண்டுவருவதா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் இரக்கம் இருந்தது. அதை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் தெருவையும் உறவையும் பதிவேட்டில் காரணமாக எழுத முடியாது. எழுத முடியாத காரணத்தால் ஒருவரை வைத்துக்கொண்டால், பதினான்கு ஆண்டு உழைத்தவரை எழுத முடியாத காரணத்தால் அனுப்பினோம் என்று ஆகிவிடும். குழு இறுதியில் பணிமூப்பையே ஏற்றது. அன்று எவருக்கும் மனம் நிறைவாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“நாளையிலேர்ந்து வர வேணாம்” என்பது அடுத்தது. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளிக்கு ஒரு மாத எழுத்து மூல நோட்டீஸ் தரவேண்டும். இல்லையேல் அம்மாதச் சம்பளத்தைக் கையில் தரவேண்டும். எது நல்லது? சம்பளம் கொடுத்து அன்றே அனுப்புவது எளிது. ஆனால் வேலையில் இருந்துகொண்டு வேறு வேலை தேடுபவருக்கு உள்ள மதிப்பு, வேலை போய்த் தேடுபவருக்கு இல்லை. இருப்புப் பதிவேட்டை ஒப்படைக்கவும் நாள் வேண்டும். ஆகவே ஒரு மாத நோட்டீஸே தரப்பட்டது. அம்மாதத்தில் வேலை தேடச் செல்ல நான்கு நாட்கள் சம்பளத்துடன் விடுப்பும் குழு அனுமதித்தது. உரிய அரசு அதிகாரிக்கும் விதிக்கப்பட்ட முறையில் தகவல் அனுப்பப்பட்டது.

“செட்டில்மெண்ட் ஆடிட் முடிஞ்சப்புறம்” என்ற வாக்கியத்தில்தான் அங்கத்தினர் பணத்துக்கு உண்மையான ஆபத்து இருந்தது. ஆட்குறைப்பு நஷ்டஈடு பின்னால் தரக்கூடிய பாக்கி அல்ல. ஆட்குறைப்புச் செல்லுபடியாவதற்கே அது முன்நிபந்தனை. 1960 இல் பம்பாய் அரசுக்கும் ஹாஸ்பிடல் மஸ்தூர் சபாவுக்கும் நடந்த வழக்கில், நஷ்டஈடு தராமல் மருத்துவமனைச் சிப்பந்திகளை விடுவித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோட்டீஸ் எத்தனை பணிவாக எழுதப்பட்டிருந்தாலும், பணம் உரிய நாளில் தரப்படவில்லை எனில் அது வெறுங்காகிதமாகக் கூடும்.

மேலாளரின் செய்திப்படியே நடந்து, டிப்போ எழுத்தர் வழக்குத் தொடுத்திருந்தால் என்ன ஆகும்? அவர் சம்பளம் மாதம் 24,000 ரூபாய். வழக்கு மூன்று ஆண்டு நடந்து, பின்சம்பளத்துடன் மீண்டும் வேலை தரவேண்டும் என்று தீர்ப்பானால், 36 மாதத்துக்கு 8,64,000 ரூபாய் ஆகிறது. நீதிமன்றங்கள் எப்போதும் முழுச் சம்பளம் வழங்குவதில்லை. சில வழக்குகளில் வேலைக்குப் பதிலாக ஒரு தொகை மட்டும் தருகின்றன. பாதியே வழங்கினாலும் அது எந்தப் பெட்டியிலிருந்து வரும்? நெசவாளிக்குப் போகவேண்டிய போனஸிலிருந்தும் பங்கு ஈவிலிருந்தும்தான் வரும்.

“யாரும் ஆபீசுக்கு வந்து பேச வேணாம்” என்பது கடைசி வாக்கியம். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒருவர் முகத்தில் விழிக்காமல் மற்றொருவர் ஒரு வாரம் கூட இருக்க முடியாது. அலுவலகத்தில் கேட்க முடியாத கேள்வி தேநீர்க் கடையில் கேட்கப்படும். அங்கே அதற்குச் சரியான பதில் சொல்ல எவரிடமும் பதிவேடு இராது.

இவ்வளவும் பார்த்தபின் எழுதிய நோட்டீஸ் வருமாறு. பெயரும் தேதியும் நீக்கித் தருகிறேன். இதில் ஒரு தொகையை நான் முதலில் தவறாக எழுதியிருந்தேன். அது திருத்தப்பட்ட விதத்தைப் பின்னர் சொல்வேன்.

*பொருள்: எழுத்தர் பணியிடம் ஒன்று குறைக்கப்படுதல், தங்கள் பணி முடிவடைதல்.*

*அம்மையீர்,*

*சங்கத்தின் வெளியூர் டிப்போ மூடப்படுவதால் எழுத்தர் பணியிடங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைகின்றன. இதன் காரணமாகத் தங்கள் பணி, இந்த நோட்டீஸ் தங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதம் முடியும் ....... தேதி மாலையுடன் முடிவடைகிறது. இதைத் தெரிவிக்க வருந்துகிறோம்.*

*டிப்போவின் விற்பனை மூன்று ஆண்டுகளாக அதன் செலவை ஈடு செய்யவில்லை. ஆகவே அதை மூட நிர்வாகக் குழு ....... தேதியில் தீர்மானித்தது.*

*எழுத்தர் நால்வரும் ஒரே பணிமூப்புப் பட்டியலில் உள்ளவர்கள். அதில் கடைசியாகச் சேர்ந்தவர் தாங்கள். தேர்வுக்கு இது ஒன்றே காரணம். தங்கள் வேலையிலோ நடத்தையிலோ எக்குறையும் காணப்படவில்லை.*

*தங்களுக்குச் சேரவேண்டிய தொகைகள்: தங்கள் பணிக்காலம் 6 ஆண்டு 8 மாதம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி ஓர் ஆண்டாகக் கொள்ளப்படுவதால் 7 ஆண்டு. மாதச் சம்பளம் ரூ. 15,600.*

*(அ) ஆட்குறைப்பு நஷ்டஈடு: ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். 15,600 ஐ 30 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்க ரூ. 7,800, ஏழு ஆண்டுக்கு ரூ. 54,600.*

*(ஆ) பணிக்கொடை: ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். 15,600 ஐ 26 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்க ரூ. 9,000, ஏழு ஆண்டுக்கு ரூ. 63,000.*

*இவ்விரண்டும் சேர்ந்த ரூ. 1,17,600 பணியின் கடைசி நாளன்று தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். கடைசி மாதச் சம்பளமும், விடுப்புக் கணக்கில் உள்ள நாட்களுக்கான தொகையும் அன்றே சேர்க்கப்படும். திறன் மறுபயிற்சி நிதிக்குச் சங்கம் செலுத்தவேண்டிய 15 நாள் சம்பளத் தொகை இதில் சேராது. அது அந்நிதியின் மூலம் 45 நாட்களுக்குள் தங்கள் கணக்குக்கு வரவேண்டும்.*

*நோட்டீஸ் காலத்தில் வேலை தேடுவதற்காக நான்கு நாட்கள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. பணிச் சான்றிதழும் சேமநிதிப் படிவங்களும் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே தரப்படும்.*

*ஓராண்டுக்குள் எழுத்தர் பணிக்கு ஆள் எடுக்க நேர்ந்தால், தங்களுக்கே முதலில் தெரிவிக்கப்படும். புதியவரைவிடத் தங்களுக்கு முன்னுரிமை உண்டு. தங்கள் முகவரி மாறினால் தெரிவிக்கவும்.*

*பணிமூப்புப் பட்டியலும் கணக்குத் தாளும் இத்துடன் உள்ளன. அவற்றில் பிழை இருப்பதாகக் கருதினால் மேலாளரை எந்த வேலை நாளிலும் மாலை 4 மணிக்குக் காணலாம். அதிலும் நிறைவு இல்லையெனில் தொழிலாளர் துறை அதிகாரியிடம் முறையிடத் தங்களுக்கு உரிமை உண்டு.*

*தாங்கள் இச்சங்கத்துக்கு ஆற்றிய பணிக்கு நன்றி.*

இந்த வாசகத்தின் வரிசையைக் கவனிக்க வேண்டும். வேலை போகிறது என்ற செய்தி முதல் பத்தியிலேயே, தேதியுடன் இருக்கிறது. அடுத்து “ஏன்?”, அதன்பின் “ஏன் நான்?”, அதன்பின் “எவ்வளவு, எப்போது?”, இறுதியில் “யாரிடம் கேட்பது?” கடிதத்தைப் பெறுபவர் மனத்தில் கேள்விகள் எழும் வரிசை இதுவே. வருத்தம் ஒரு முறை சொல்லப்பட்டிருக்கிறது. “தங்கள் எதிர்காலம் ஒளிமயமாக அமைய வாழ்த்துகிறோம்” என்ற ஒரு வரியை மேலாளர் சேர்க்கச் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. வேலையை எடுக்கும் கை வாழ்த்தக்கூடாது என்பதில்லை. ஆனால் அந்த நாளில் அவ்வரி படிப்பவரைச் சுடும்.

நோட்டீஸைத் தபாலில் அனுப்ப வேண்டாம், கைப்பேசியில் படம் பிடித்தும் அனுப்ப வேண்டாம் என்று முடிவாயிற்று. மேலாளர் அந்தப் பெண்ணைத் தம் அறைக்கு அழைத்து, உட்காரச் சொல்லி, செய்தியை முதலில் வாயால் சொன்னார். பிறகு நோட்டீஸைக் கொடுத்துக் கையெழுத்துப் பெற்றார். நானும் உடனிருந்தேன். அவர் அழவில்லை. முழுவதையும் படித்துவிட்டு, கணக்குத் தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், “சார், பணிக்கொடைக்கு 26 ஆல்தானே வகுக்க வேண்டும்? இதில் 30 ஆல் வகுத்திருக்கிறதே?” என்றார்.

எனக்கு முகம் சுருங்கிற்று. தவறு என்னுடையது. இரண்டுமே “15 நாள் சம்பளம்” என்று சட்டத்தில் இருப்பதால், இரண்டுக்கும் பாதி மாதச் சம்பளம் என்று நான் கணக்கிட்டுவிட்டேன். பணிக்கொடையில் மாதம் என்பது 26 வேலை நாள். ஆட்குறைப்பு நஷ்டஈட்டில் 15 நாள் என்பது பாதி மாதமே என்று உச்ச நீதிமன்றம் 2007 இல் குரு ஜம்பேஷ்வர் பல்கலைக்கழக வழக்கில் கூறியிருக்கிறது. இரண்டும் ஒன்றுபோல் தோன்றி வேறாவது இந்த இடத்தில்தான். என் கணக்கில் பணிக்கொடை 54,600 என்று இருந்தது. சரியான தொகை 63,000. வித்தியாசம் 8,400 ரூபாய். அன்று மாலையே திருத்திய நோட்டீஸ் கொடுக்கப்பட்டது. ஒரு மாதக் காலமும் அந்நாளிலிருந்தே புதிதாகக் கணக்கிடப்பட்டது.

“மொத்தமாக ரூ. 1,09,200 தரப்படும்” என்று மட்டும் நான் எழுதியிருந்தால், அவர் அதை நம்பி வாங்கிக்கொண்டு போயிருப்பார். வகுத்ததும் பெருக்கியதும் தாளில் இருந்ததால்தான் பிழை பிடிபட்டது. நோட்டீஸ் முழுமையாக எழுதப்பட வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிடச் சிறந்த காரணம் தெரியவில்லை. எழுதுபவரின் தவறு முதலில் அவருக்கே தெரிகிறது. அவருக்குத் தெரியாதது பெறுபவருக்குத் தெரிகிறது. கைப்பேசிச் செய்தியில் இவ்விரண்டுக்கும் இடமில்லை.

சிலர் இரண்டு ஆட்சேபங்களைச் சொல்லக்கூடும். முதலாவது, “ஒரு சிப்பந்திக்கு இவ்வளவு எழுத்தா?” என்பது. இந்த நோட்டீஸை எழுத ஆன காலம், பதிவேடு பார்த்த நேரம் உட்பட, இரண்டு நாள். தவறாக எழுதியிருந்தால் ஆகக்கூடிய காலத்தையும் செலவையும் மேலே காட்டியிருக்கிறேன். இரண்டாவது, “இவ்வளவு விவரம் எழுதினால், வழக்குத் தொடுக்க நாமே ஆயுதம் கொடுத்ததாகாதா?” என்பது. எழுதியதில் பிழை இருந்தால் ஆகும். அப்போது அந்த ஆயுதம் அவர் கையில் இருப்பதே நியாயம். பிழை இல்லையெனில், வழக்கறிஞரிடம் செல்பவரும் கடிதத்தைக் காட்டியதும் திரும்பி வந்துவிடுவார்.

நோட்டீஸால் ஆகாததும் உண்டு. அது வேலையைத் திருப்பித் தராது. அந்தப் பெண்ணின் தந்தை இப்போதும் சங்கத்துக்கு வந்து பாவு வாங்குகிறார்; மேலாளரிடம் வேண்டிய வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அதை மாற்ற எந்த வாசகமும் உதவாது. ஆனால் தம் மகள் ஏன் போனாள், எவ்வளவு பெற்றாள், அடுத்த இடம் வந்தால் யாரைக் கூப்பிடுவார்கள் என்பது அவருக்கு ஐயமின்றித் தெரியும். அவ்வளவு தெரிந்துகொள்ள ஒரு சிப்பந்தியின் குடும்பத்துக்கு உரிமை உண்டு.

இது மேலாளர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று அங்கத்தினர்கள் விட்டுவிடலாகாது. சிப்பந்திகளைக் குறைக்கும் தீர்மானம் உங்கள் சங்க நிர்வாகக் குழுவின் முன் வரும்போது, மூன்று தாள்கள் கூடவே வரவேண்டும் என்று கேளுங்கள்: அந்த வகுப்பின் முழுப் பணிமூப்புப் பட்டியல், காலியாக உள்ள இடங்களின் பட்டியல், ஒவ்வொருவருக்கும் தரவேண்டிய தொகையின் கணக்கு. பிறகு, தரப்போகும் நோட்டீஸை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். “தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட காரணம்” என்ற இடத்தில் படிப்பவர் குரல் தயங்கினால், தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவையுங்கள். எழுத முடியாத காரணத்தால் எவரையும் அனுப்பலாகாது.

பிள்ளையார்பாளையத்துச் சங்கத்தில் அந்தக் கைப்பேசிச் செய்தியும் நோட்டீஸின் நகலும் ஒரே கோப்பில் இப்போது இருக்கின்றன. மேலாளரே அவ்வாறு வைத்தார். “அடுத்த முறை அவசரப்படும்போது பார்ப்பதற்கு” என்றார்.